தாத்தாவுக்கு மூன்று கை: குடும்பப் படங்களை ஒட்டும்போது வரும் சந்தேகங்கள்

சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் பெரிய குடும்பப் படம் எடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. நாலைந்து படங்களாக எடுத்து ஒன்றாக ஒட்டித் தருவேன். அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் முயன்று பார்த்தவர்கள், அரை முகமும் கூடுதல் கையுமாக வந்த படத்தை அனுப்பி, "இது ஏன் இப்படி?" என்று கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

எண்கள் தேவைப்படும் இடத்திலெல்லாம் ஒரே ஒரு படத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு மணிவிழாவில் வீட்டு முற்றத்தில் எடுத்தது. ஆட்கள் 45 பேர், மூன்று வரிசை: தரையில் பிள்ளைகள், நாற்காலியில் பெரியவர்கள், பின்னால் நிற்பவர்கள். கேமராவிலிருந்து முறையே 6, 7, 8 மீட்டர். அவர்களுக்குப் பின்னால் 10 மீட்டரில் சுவர். கேமரா சாதாரண ஏபிஎஸ்-சி வகை, 24 மெகாபிக்சல், 35 மி.மீ. லென்ஸ்.

ரெண்டு படத்த ஒட்டினா ஆளு ஏன் ரெண்டா தெரியுறாங்க?

இரண்டு காரணங்கள் உண்டு. வெளியில் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மருந்து வேறு வேறு. முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவில் ஆள் அசைந்துவிட்டார் என்றால் அது கோஸ்ட்டிங். ஆள் சிலைபோல இருந்தார், ஆனால் கேமரா இடம் மாறிவிட்டது என்றால் அது பாரலாக்ஸ்.

எது என்று கண்டுபிடிக்க, இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக லேயராக வைத்து, மேல் லேயரை மாற்றி மாற்றி மறைத்துப் பாருங்கள். சுவரும் மற்றவர்களும் நிலையாக இருக்க, ஒரு பையனின் தலை மட்டும் குதித்தால் அவன் அசைந்திருக்கிறான். சுவர் நிலையாக இருக்க, முன்வரிசை மொத்தமும் ஒரே பக்கமாக நகர்ந்தால் அது பாரலாக்ஸ். சுவர், ஆள், தரை எல்லாமே சேர்ந்து விலகியிருந்தால் இரண்டும் இல்லை, மென்பொருள் படத்தைப் பொருத்தியதே தப்பு.

பாரலாக்ஸ்னா என்னங்க? கணக்கு வேணாம், புரியற மாதிரி சொல்லுங்க.

ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, எதிரே உள்ள ஜன்னல் கம்பி ஒன்றோடு நேர்கோட்டில் வையுங்கள். இப்போது தலையை மட்டும் மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கள். விரல் கம்பியைவிட்டு விலகிவிடும். தலை கழுத்தை அச்சாக வைத்துச் சுற்றுகிறது, கண் கழுத்துக்கு முன்னால் இருக்கிறது. அதனால் திரும்பும்போது கண் பக்கவாட்டிலும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது.

கேமராவிலும் இதுதான் நடக்கிறது. முதல் படத்தில் பாட்டியின் தோளுக்குப் பின்னால் தெரிந்த பேரனின் காது, இரண்டாவது படத்தில் மறைந்துவிடும். மறைந்ததை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

இவ்ளோ கஷ்டம் எதுக்கு? ஒரு வைடு லென்ஸ் போட்டு ஒரே க்ளிக்ல முடிச்சா என்ன?

ஆல்பத்துக்கும் வாட்ஸாப்புக்கும் என்றால் தாராளமாக அதையே செய்யுங்கள். மணிவிழாப் படத்தை 16 மி.மீ. லென்ஸில் ஒரே படமாக எடுத்தால் ஒரு முகம் ஏறக்குறைய 90 பிக்சல் அகலம் வரும். 12 அங்குல பிரிண்டுக்கு அது போதும். ஓரத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் அகலமாக இழுபடுவார்கள், அவ்வளவுதான்.

கூடத்துச் சுவரில் நாலடி அகலத்துக்கு மாட்டப் போகிறீர்கள் என்றால்தான் ஒட்டும் வேலைக்கு அர்த்தம். 35 மி.மீ. லென்ஸில் ஐந்து படமாக எடுத்து ஒட்டினால் முகம் 190 பிக்சல், மொத்தப் படம் சுமார் 13,000 பிக்சல் அகலம். பிரிண்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாலும் அத்தையின் மூக்குத்திக் கல் தெரியும்.

போன்லயே பனோரமா மோடு இருக்கே, அது பத்தாதா?

மலைக்கும் கடலுக்கும் பத்தும். ஆட்களுக்குப் பத்தாது. அது நீங்கள் போனைத் திருப்பத் திருப்ப மெல்லிய கீற்றுகளாக எடுத்து ஒட்டிக்கொண்டே போகிறது. ஜாயின்ட் எங்கே விழ வேண்டும் என்பது உங்கள் கையில் இல்லை. அந்த நேரத்தில் கண் சிமிட்டியவர், திரும்பியவர் எல்லாரும் கீற்றுக் கீற்றாக மாட்டிக்கொள்வார்கள். போதாததற்கு எல்லாரும் போனைக் கை நீட்டிப் பிடித்து உடம்போடு சுற்றுகிறார்கள். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

போன்தான் இருக்கிறது என்றால் பனோரமா மோடை விட்டுவிட்டு, போனை நிமிர்த்திப் பிடித்துத் தனித்தனிப் படங்களாக எடுங்கள். ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் `AE/AF LOCK` என்று வரும். மற்ற போன்களிலும் பெரும்பாலும் இதுபோல ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டு எடுத்தால் ஒளியும் ஃபோகஸும் படத்துக்குப் படம் மாறாது. கீழே கேமராவுக்குச் சொல்லும் மற்றதெல்லாம் போனுக்கும் பொருந்தும்.

கேமரா கொஞ்சம் நகர்ந்தா என்ன ஆயிடும்? எவ்ளோ நகர்ந்தா கண்ணுக்குத் தெரியும்?

பாரலாக்ஸ் எத்தனை பிக்சல் என்பதற்கு ஒரு சின்னச் சூத்திரம் போதும்.

```
விலகல் = F × d × (1/முன் − 1/பின்)
```

F என்பது பிக்சலில் சொல்லப்படும் குவிய தூரம். நம் கேமராவில் சென்சார் அகலம் 23.5 மி.மீ., அதில் 6000 பிக்சல், லென்ஸ் 35 மி.மீ.; எனவே F ஏறக்குறைய 8900. d என்பது இரண்டு படங்களுக்கு நடுவே லென்ஸ் பக்கவாட்டில் நகர்ந்த தூரம். முன், பின் என்பவை முன்வரிசையும் பின்வரிசையும் கேமராவிலிருந்து இருக்கும் தூரம்; d உட்பட மூன்றும் மீட்டரில். பிள்ளைகள் 6, நிற்பவர்கள் 8 என்றால் அடைப்புக்குள் வருவது 0.042.

ஒவ்வொரு படத்துக்கும் 15 டிகிரி திருப்புகிறோம் என்று வையுங்கள். திரையைப் பார்த்துக் கை நீட்டிப் பிடித்தால் லென்ஸ் உங்கள் முதுகெலும்பிலிருந்து அரை மீட்டர் முன்னால் இருக்கும். உடம்போடு திரும்பும்போது அது 13 செ.மீ. நகரும். விலகல் 48 பிக்சல், அதாவது கால் முகம். கண்ணில் வைத்து எடுத்தால் 6.5 செ.மீ., 24 பிக்சல். ட்ரைபாடின் திருகை அச்சாக வைத்துச் சுற்றினால், லென்ஸ் அதற்கு 8 செ.மீ. முன்னால் இருப்பதால் 2 செ.மீ. நகர்வு, 8 பிக்சல். சரியான அச்சில் அரை சென்டிமீட்டர் பிசகினால்கூட அரை பிக்சல்தான் வரும். ட்ரைபாட் இருந்தும் சிலருக்கு ஜாயின்ட் தெரிவதற்கு அந்த 8 பிக்சல்தான் காரணம். ஜரிகைக் கரை உடைந்து தெரிய அது போதும்.

அப்போ கேமராவ எந்த இடத்த வச்சு சுத்தணும்?

லென்ஸை முன்னாலிருந்து எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன ஓட்டை தெரியும். அது எந்த ஆழத்தில் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறதோ அந்த இடம்தான் அச்சு. சென்சாரும் இல்லை, திருகும் இல்லை. கேமராவை முன்பின் தள்ளக்கூடிய ஒரு நீளத் தகடு ட்ரைபாடின் மேல் இருந்தால் அந்த ஓட்டையைத் திருகுக்கு நேர் மேலே கொண்டுவரலாம்.

துல்லியமாகப் பிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு கயிற்றைத் தொங்கவிடுங்கள். அதன் பின்னால் தூரத்தில் உள்ள கரண்ட் கம்பத்தோடு அதை நேர்கோட்டில் வையுங்கள். கேமராவை வலப்பக்கம் திருப்பும்போது கம்பத்தைவிடக் கயிறு இடப்பக்கம் விலகினால் கேமரா முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது, பின்னால் இழுங்கள். கயிறு வலப்பக்கம் விலகினால் முன்னால் தள்ளுங்கள். எவ்வளவு திருப்பினாலும் இரண்டும் ஒட்டியே இருக்கும் இடம் வந்ததும் தகட்டில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் ஜூமை மாற்றினால் அந்த இடமும் மாறும். எனவே எந்த அளவில் எடுப்பீர்களோ அதற்கே கோடு போடுங்கள்.

தகடு எல்லாம் எங்ககிட்ட இல்ல. கையில வச்சே எடுக்க முடியாதா?

முடியும். கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்று வாங்குங்கள், அல்லது நூலில் ஒரு பெரிய நட்டைக் கட்டுங்கள். நூலின் மறுமுனையை லென்ஸின் மேல், அந்த ஓட்டை இருக்கும் இடத்துக்கு நேராக ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். போன் என்றால் கேமராக் கண்ணுக்கு அருகில் டேப் போட்டு ஒட்டினால் போதும். குண்டு தரையைத் தொட்டும் தொடாமல் தொங்க வேண்டும். தரையில் கோலப்பொடியால் ஒரு புள்ளி வையுங்கள்.

இனி கேமரா உங்களைச் சுற்றக் கூடாது, நீங்கள்தான் கேமராவைச் சுற்றி நடக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் முன் குண்டு புள்ளிக்கு மேல் நிற்கிறதா என்று ஒரு பார்வை. பழகிவிட்டால் ஒரு செ.மீ.க்குள் பிடித்துவிடலாம். முன் கணக்கின்படி அது 4 பிக்சலுக்கும் குறைவு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் படம் நன்றாகவே வரும்.

நான் ஒரே இடத்துல நிக்காம, வரிசைக்கு நேரா நடந்துகிட்டே எடுத்தேன். அதுவும் ஒட்டத்தானே செய்யணும்?

ஒட்டாது. மூன்று வரிசை இருக்கும்போது நடந்துகொண்டே எடுப்பதைவிடப் பெரிய தப்பு வேறில்லை. இரண்டு மீட்டர் நகர்ந்து அடுத்த படம் எடுத்தால் மேலே உள்ள கணக்கில் விலகல் 740 பிக்சல், கிட்டத்தட்ட நாலு முகம். பின்வரிசையில் நிற்பவர் முதல் படத்தில் ஒருவரின் தலைக்கு மேலும், அடுத்த படத்தில் வேறொருவரின் தலைக்கு மேலும் இருப்பார். தட்டையான சுவர் ஓவியத்தை இப்படி எடுக்கலாம், ஏனென்றால் அங்கே முன்னும் பின்னும் கிடையாது.

ஆளுங்கள எப்படி உக்கார வைக்கணும்?

மற்ற எல்லாவற்றையும்விட நான் நேரம் செலவழிப்பது இதில்தான். ஜாயின்டைக் கம்ப்யூட்டரில் மறைப்பதைவிட, அது எங்கே விழப்போகிறது என்று தரையிலேயே முடிவு செய்துவிட்டு ஆட்களை அதற்கு இரு பக்கமும் உட்கார வைப்பது சுலபம்.

முதலில் வளைவு. ட்ரைபாட் அடியில் ஒருவரைக் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, 6, 7, 8 மீட்டர் தூரங்களில் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி கோலப்பொடியால் மூன்று வளைவுகள் போட்டேன். நேர்வரிசையாக உட்கார வைத்தால் ஓரத்தில் இருப்பவர்கள் கேமராவுக்குத் தூரமாகிச் சின்னதாகத் தெரிவார்கள். வளைவில் எல்லாரும் ஒரே தூரம், ஒரே அளவு, ஃபோகஸும் ஒன்றே.

அடுத்து ஜாயின்ட். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு படத்தின் அகலம் 25 டிகிரி. ஒவ்வொரு படத்துக்கும் 15 டிகிரி திருப்பினால் ஐந்து படங்கள், பக்கத்துப் படங்களுக்கிடையே 10 டிகிரி பொது இடம். நடு வளைவில் 15 டிகிரி என்பது 1.8 மீட்டர், அதாவது மூன்று நாற்காலி. நாற்காலிகள் 15. ஆக ஒவ்வொரு படத்துக்கும் மூன்று நாற்காலி சொந்தம், ஜாயின்ட் 3, 6, 9, 12-ஆம் நாற்காலிகளை அடுத்து விழும். அந்த நாலு இடத்திலும் ஒரு சாண் கூடுதல் இடைவெளி விட்டேன். நிற்பவர்களை 4, 3, 4, 3, 4 என்றும், பிள்ளைகளை 2, 3, 2, 3, 2 என்றும் பிரித்து, அவர்களுக்கு நடுவிலும் அதே நேரில் இடைவெளி. ஒரு படத்துக்கு ஒன்பது பேர். கேமராவிலிருந்து பார்த்தால் மூன்று வரிசையையும் ஊடுருவி நாலு ஒல்லியான சந்துகள் தெரியும். ஒட்டிய பிறகு அந்தச் சந்து யார் கண்ணிலும் படுவதில்லை. "இதென்ன பரீட்சை ஹாலா" என்று ஒரு மாமா முணுமுணுத்தார், அவரை நாலாம் நாற்காலிக்கு மாற்றினேன்.

தரையில் ஜமுக்காளம் விரித்தால் அதன் கோடுகள் படத்தில் இடமிருந்து வலமாக ஓடும்படி விரியுங்கள். பாரலாக்ஸ் விலகல் பக்கவாட்டில்தான் வரும். கிடைக்கோடு தன் மீதே வழுக்குவதால் உடைவு தெரியாது. கோடுகள் கேமராவை நோக்கி வந்தால் ஒவ்வொன்றும் ஜாயின்டில் முறிந்து நிற்கும். தரை ஓடுகளின் இணைப்புக் கோட்டுக்கும் இதே தொல்லை உண்டு.

குழந்தைங்க ஒரு நிமிஷம் அசையாம இருக்காதே, என்ன பண்றது?

அசையட்டும். இரண்டு படங்களிலும் வருபவர்கள் அசைந்தால்தான் சிக்கல். மேலே சொன்ன அமைப்பில் பொது இடத்தில் வருவது 3, 4, 6, 7, 9, 10, 12, 13 ஆகிய எட்டு நாற்காலிகள் மட்டும். மற்ற ஏழும் ஒரே ஒரு படத்தில்தான் வருகின்றன. கைக்குழந்தை, துள்ளும் பையன், இருமும் பெரியப்பா எல்லாரையும் 2, 5, 8, 11, 14-இல் வையுங்கள். அவர்கள் எப்படி ஆடினாலும் கோஸ்ட் வராது. பொது இடத்தில் பொறுமைசாலிகளை உட்கார வைத்து, "இந்தப் பக்கம் இரண்டு க்ளிக் கேட்கும்வரை அப்படியே இருங்க" என்று அவர்களிடம் மட்டும் சொன்னால் போதும். 45 பேரையும் சிலையாக்கப் பார்ப்பது வீண் வேலை.

இடமிருந்து வலமாக ஐந்து க்ளிக், பத்து நொடிக்குள். அப்படி மூன்று சுற்று. பிறகு ஒவ்வொரு நிலையிலும் கூடுதலாக மூன்று நான்கு. அச்சு சரியாக இருந்து ட்ரைபாட் நகரவில்லை என்றால் எந்தச் சுற்றின் படமும் எந்தச் சுற்றோடும் ஒட்டும். கண் மூடியவருக்கு மாற்றுப் படம் அங்கிருந்துதான் வரும்.

கேமரால என்ன செட்டிங் வைக்கணும்?

எதுவும் தானாக மாறக் கூடாது, அவ்வளவுதான். எக்ஸ்போஷர் மேனுவல், ஒயிட் பேலன்ஸ் ஒரே இடத்தில், நடுவரிசை முகத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். நம் லென்ஸில் f/8 வைத்தால் மூன்று வரிசையும் சுவரும் தெளிவாக வரும். ஷட்டர் 1/125 நொடியோ அதைவிட வேகமாகவோ. ட்ரைபாடில் இருந்தால் லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள்.

வெயிலும் நிழலும் கலந்த பந்தலின் கீழ் மேகம் நகர்ந்தால், மேனுவலில் வைத்திருந்தாலும் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். அப்போது ஒரே சுற்றின் ஐந்து படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர்ல போட்டா சுவரு கச்சிதமா ஒட்டுது, ஆளுங்க ஒட்டல. ஏன்?

மென்பொருள் இரண்டு படங்களிலும் ஒரே மாதிரித் தெரியும் புள்ளிகளைத் தேடிப் பொருத்துகிறது. சுவரின் பெயின்ட் உதிர்ந்த திட்டு அதற்கு நல்ல புள்ளி, மெத்தென்ற கன்னம் நல்ல புள்ளி இல்லை. அதனால் 10 மீட்டரில் உள்ள சுவருக்குப் பொருத்திவிட்டு, மிச்ச விலகல் மொத்தத்தையும் முன்வரிசை மேல் தள்ளிவிடுகிறது. தூக்குக்குண்டு முறையில் ஒரு செ.மீ. பிசகியிருந்தால், சுவருக்குப் பொருத்தும்போது பிள்ளைகள் 6 பிக்சல் விலகுவார்கள். நாற்காலி வரிசைக்குப் பொருத்தினால் 2 பிக்சல்தான். சுவர் 4 பிக்சல் விலகும், வெற்றுச் சுவரில் அது யாருக்கும் தெரியாது.

எனவே இலவசமாகக் கிடைக்கும் ஹியூகின் போன்ற மென்பொருளில் `Control Points` பக்கத்துக்குப் போய், சுவர் மேல் உள்ள புள்ளிகளை அழித்துவிட்டு, நாற்காலிக் கால், கைப்பிடி, அசையாத பெரியவரின் சட்டைப் பொத்தான் போன்றவற்றில் நீங்களே ஏழெட்டுப் புள்ளிகள் வையுங்கள். காற்றில் ஆடும் வாழை இலையில் புள்ளி இருந்தால் கட்டாயம் அழியுங்கள். ஷாமியானாத் துணியின் வரிகளிலும் கவனம் தேவை. ஒரு வரி அடுத்த வரிபோலவே இருப்பதால் மென்பொருள் ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடும். நான் ஒருமுறை அப்படியே விட்டு, பந்தல் ஒரு வரி அகலம் தள்ளிப்போய் ஒட்டி, சித்தி ஒருவர் பாதி உடம்பாக நின்றார்.

ஜாயின்ட் நான் சொல்ற இடத்துல போகணும். மென்பொருள் தன் இஷ்டத்துக்கு முகத்து மேல வெட்டுது.

ஹியூகினில் `Interface` மெனுவில் `Advanced` தேர்ந்தெடுத்தால் `Masks` பக்கம் வரும். ஒவ்வொரு படத்திலும் அதற்குச் சொந்தமான ஒன்பது பேரைச் சுற்றிக் கோடு போட்டு `Include region` என்று வையுங்கள். அந்த இடத்தில் பக்கத்துப் படம் தலையிடாது. ஒருவர் இரண்டு படங்களிலும் இருந்து ஒன்றில் அசைந்திருந்தால், அந்தப் படத்தில் அவரைச் சுற்றி `Exclude region`. கோட்டை ஆளின் விளிம்பை ஒட்டிப் போடாதீர்கள், கொஞ்சம் வெளியே தள்ளியே போடுங்கள். ஒட்டும்போது வெளிச்ச வேறுபாட்டை அகலமாகவும் நுண்ணிய விவரங்களைக் குறுகலாகவும் கலப்பதால், விளிம்பிலேயே வெட்டினால் தலையைச் சுற்றி ஒரு மங்கல் வளையம் வரும்.

நான் பெரும்பாலும் பொருத்துவதை மட்டும் மென்பொருளிடம் விட்டுவிட்டு, வெட்டுவதைக் கையால் செய்கிறேன். ஹியூகினோடு வரும் கட்டளைகள் இவை:

```
pto_gen -o vizha.pto *.JPG
cpfind -o vizha.pto vizha.pto
cpclean -o vizha.pto vizha.pto
autooptimiser -a -m -l -s -o vizha.pto vizha.pto
pano_modify --projection=1 --canvas=AUTO -o vizha.pto vizha.pto
nona -m TIFF_m -o layer vizha.pto
```

மூன்றாவது கட்டளைக்குப் பிறகு நிறுத்தி, முந்தைய பதிலில் சொன்னபடி புள்ளிகளைத் திருத்திவிட்டுத் தொடருங்கள். கடைசியில் வரும் ஐந்து டிஃப் கோப்புகளை கிம்ப்பில் `Open as Layers` மூலம் திறந்து, ஒவ்வொன்றுக்கும் மாஸ்க் போட்டு, தரையில் விட்ட சந்து வழியாக வெட்டினால் போதும். ஃபோட்டோஷாப்பில் என்றால் `Photomerge` திரையில் `Blend Images Together` என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பொருத்திய லேயர்கள் வெட்டப்படாமல் வரும்.

வெட்டும் பாதையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பழக்கம் உதவும். வெள்ளை வேட்டி, வெற்றுச் சுவர், நிழல் விழுந்த இடம் இவற்றின் வழியே போங்கள். கட்டம் போட்ட சேலை, ஜரிகைக் கரை, மாலை, நாற்காலிக் கைப்பிடி இவற்றைக் குறுக்கே தாண்டாதீர்கள். வெட்டு நேர்கோடாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தோளை வளைந்து சுற்றிக்கொண்டு போகலாம்.

படம் எடுத்து ஊருக்கே வந்தாச்சு. இனிமே எல்லாரையும் கூப்பிட முடியாது. காப்பாத்த வழி இருக்கா?

எவ்வளவு பாரலாக்ஸ் என்பதைப் பொறுத்தது. முதல் பதிலில் சொன்னபடி லேயரை மறைத்துக் காட்டிப் பாருங்கள். விலகல் பத்துப் பதினைந்து பிக்சல் என்றால், ஒவ்வொரு ஆளும் முழுசாக ஒரே படத்திலிருந்து வரும்படி வெட்டை வளைத்து எடுத்துவிடலாம். பாதி உடம்பு ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் வருவதுதான் கண்ணை உறுத்தும். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் உள்ள தூரம் கொஞ்சம் கூடிக் குறைந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தரையில் மிஞ்சும் உடைவை, ஒரு படத்தின் தரையையே பக்கத்துக்கு நீட்டி மூடலாம்.

தோளோடு தோள் ஒட்டி நின்று, விலகலும் கால் முகம் அளவு இருந்தால் ஒட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்தப் படங்களை மூன்று துண்டாகத் தனித்தனியே பிரிண்ட் போட்டு, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒரே சட்டத்தில் மாட்டினேன் ஒரு வீட்டுக்கு. வேண்டுமென்றே அப்படிச் செய்ததாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

ஒட்டின படத்துல ஒருத்தர காணோம்! அவர் அங்கதான் இருந்தார்.

முதல் படத்தில் வலப்பக்க ஓரத்தில் இருந்தவர், க்ளிக்குக்கு நடுவில் இடப்பக்கம் சாய்ந்திருப்பார். வெட்டு அவரது பழைய இடத்துக்கு இந்தப் பக்கமும், புது இடத்துக்கு அந்தப் பக்கமும் போயிருந்தால் இரண்டு படமும் அவரைக் கைவிட்டுவிடும். நேர்மாறாக, படம் எடுக்கும்போதே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு ஓடிய பையன் இரண்டு இடத்திலும் சிரித்துக்கொண்டிருப்பான். இரண்டையும் மென்பொருள் தப்பென்று சொல்லாது, அதன் கணக்கில் ஒட்டு சுத்தமாகவே இருக்கும்.

எடுக்கும் முன் தலைகளை எண்ணி எழுதி வையுங்கள். ஒட்டிய பிறகும் எண்ணுங்கள், வரிசை வரிசையாக. மணிவிழாப் படத்தில் நான் எண்ணியபோது 45 வந்தது. பிரிண்ட் போகும் முன் வீட்டம்மா எண்ணி 46 என்றார். பின்வரிசையில் இரண்டு தோள்களுக்கு நடுவே சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டோம்.

எல்லாம் சரியா ஒட்டுச்சு, ஆனா ஓரத்துல இருக்கறவங்க குண்டா தெரியறாங்கன்னு சண்டை.

`Rectilinear` என்ற வகையில் விரித்திருப்பீர்கள். அது வைடு லென்ஸ்போலவே ஓரங்களை இழுக்கும். `Cylindrical` என்று மாற்றுங்கள், முகங்கள் இயல்பாகிவிடும். மேலே தந்த கட்டளையில் `--projection=1` என்பது அதுதான். வளைவில் உட்கார வைத்திருந்தால் வரிசைகளும் நேராகத் தெரியும். நேர்வரிசையில் உட்கார வைத்திருந்தால் வரிசை நடுவில் புடைத்து ஓரங்களில் சுருங்கித் தெரியும். அப்போது குண்டா, கோணலா என்று வீட்டாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இதுவரை யாரும் குண்டு என்று சொன்னதில்லை.